மேல் பஞ்சமத்தில் எழுத்து எங்கே போகிறது?

என் அண்ணன் மகள் பாட்டு கற்கிறாள். ஐந்து கட்டை சுருதி. ஒரு மாலை நான் பாடம் கேட்டுக்கொண்டிருந்தபோது அவளிடம் ஒரு சின்னச் சோதனைக்கு உட்காரச் சொன்னேன். அவள் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, 'ஊ' அல்லது 'ஓ', இரண்டில் ஏதாவது ஒன்றை ஒரே சுரத்தில் நீட்டிப் பாட வேண்டும். எது என்று அவள் தன் நோட்டில் குறித்துக்கொள்வாள், நான் என் காகிதத்தில் குறிப்பேன். மத்திய ஸ்தாயி ஷட்ஜத்தில் பத்து முறை பாடினாள். பத்தும் சரி. பிறகு தார ஸ்தாயிக்கு ஏறி, அதன் பஞ்சமத்தில் பத்து முறை. அதில் நான் பாதியைத் தவறாக எழுதியிருந்தேன்.

"சித்தப்பா, நான் சரியாத்தானே சொன்னேன்? உங்க காதுதான் சரியில்லை" என்றாள்.

அவள் சரியாகத்தான் சொன்னாள். என் காதிலும் குறையில்லை. அந்த உயரத்தில் ஊகாரத்தையும் ஓகாரத்தையும் பிரித்துக் காட்டும் தகவல் காற்றிலேயே மிகக் குறைவாகத்தான் இருந்தது. பெண் குரல்கள் உச்சத்தில் பாடும்போது சொல் புரியவில்லை என்று கச்சேரிகளில் பலர் குறைப்பட்டுக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். உச்சரிப்பு சரியில்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அதன் வேர் வேறிடத்தில் இருக்கிறது. ஒரு ஒலியைச் சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டால் அதன் அதிர்வெண்களுக்கு என்ன ஆகும் என்ற கேள்விதான் அந்த வேர்.

முதலில் ஒரே ஒரு தட்டிலிருந்து தொடங்குவோம். மூச்சை அடக்கித் தொண்டையை இறுக மூடிக்கொள்ளுங்கள். வாயை மட்டும் 'ஆ' சொல்வதுபோல் திறந்து வைத்து, கழுத்தின் பக்கவாட்டில், தாடைக்குச் சற்றுக் கீழே, விரல் நகத்தால் சுண்டுங்கள். மண்பானையைத் தட்டியதுபோல் ஒரு 'டொக்' கேட்கும். வாயை மெல்ல 'ஓ'வுக்கும், பிறகு 'ஊ'வுக்கும் குவித்துக்கொண்டே சுண்டுங்கள். டொக்கின் சுருதி இறங்கிக்கொண்டே வரும். குரலே இல்லை, மூச்சும் இல்லை. இருந்தாலும் எந்த உயிரெழுத்துக்கு வாயை வைத்திருக்கிறோம் என்பது அந்த ஒற்றைத் தட்டிலேயே தெரிகிறது.

காரணம் இது. மிகக் குறுகிய தட்டு ஒன்றில் எல்லா அதிர்வெண்களும் கலந்திருக்கின்றன. வாயும் தொண்டையும் சேர்ந்த குழாய், தன் வடிவத்துக்கு ஏற்பச் சிலவற்றைத் தூக்கிவிடுகிறது, சிலவற்றை அமுக்குகிறது. எந்த அதிர்வெண் எவ்வளவு என்று வரைந்து பார்த்தால் மலைத்தொடர் போல மேடும் பள்ளமுமாக ஒரு கோடு வரும். அதைத்தான் நிறமாலை என்கிறோம். எழுத்தின் அடையாளம் அந்த மேடுகள் நிற்கும் இடத்தில் இருக்கிறது. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த பீட்டர்சனும் பார்னியும் 1952-இல் அமெரிக்க ஆங்கில உயிரொலிகளை அளந்து வெளியிட்டார்கள். பெண் குரல்களில் ஆகாரத்தை ஒத்த ஒலிக்கு முதல் மேடு 850 ஹெர்ட்ஸ் அருகிலும் இரண்டாவது 1220 அருகிலும் நின்றன. ஈகாரத்தை ஒத்ததற்கு 310, 2790. ஊகாரத்தை ஒத்ததற்கு 370, 950. தமிழ் உயிர்கள் இவற்றிலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்கலாம், ஆனால் படம் இதுதான். ஓகாரத்தின் முதல் மேடு ஊகாரத்துடையதைவிடச் சற்று மேலே, 500-ஐ ஒட்டி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். இந்த இரண்டு எழுத்தையும் பிரிப்பதில் அந்த முதல் மேட்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஒற்றைத் தட்டின் நிறமாலையில் இடைவெளியே கிடையாது. 370 ஹெர்ட்ஸிலும் ஏதோ ஒரு உயரம் உண்டு, 371-லும் உண்டு, 370.5-லும் உண்டு.

குரல் என்பது இந்தத் தட்டையே மீண்டும் மீண்டும் தட்டுவது. குரல்நாண்கள் மூடித் திறக்கும்போது, மூடும் ஒவ்வொரு கணமும் வாய்க்குழாய்க்கு ஒரு தட்டு. தாழ்ந்த ஆண்குரலில் நொடிக்கு நூறு தட்டு, அதாவது 10 மில்லிநொடிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தட்டும் அதே 'டொக்'கின் நகலை எழுப்புகிறது. இப்போது நிறமாலை என்ன ஆகும்?

105 ஹெர்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் டொக்கில் 105 ஹெர்ட்ஸ் அலை ஒன்று இருக்கிறது. இரண்டாவது டொக் 10 மில்லிநொடி கழித்து வருகிறது. அதற்குள் முதல் அலை ஒரு முழுச் சுற்றும், கூடவே இருபதில் ஒரு பங்கும் ஓடியிருக்கும். ஆக இரண்டாவது நகலின் அலை, முதலாவதைவிட இருபதில் ஒரு சுற்று பின்தங்கி நிற்கிறது. மூன்றாவது, இருபதில் இரண்டு. இப்படியே போனால் இருபது நகல்கள் கடிகார முட்கள் போல ஒரு முழு வட்டத்தைச் சுற்றி எல்லாத் திசையிலும் சமமாக நிற்கும். எல்லாத் திசையிலும் சமமாக இழுத்தால் கூட்டுத்தொகை பூச்சியம். 105 ஹெர்ட்ஸ் ஒவ்வொரு தனித்தட்டிலும் இருந்தது, சேர்ந்த ஒலியில் இல்லை.

100 ஹெர்ட்ஸுக்கு இந்த விபத்து நேராது. 10 மில்லிநொடியில் அது சரியாக ஒரு சுற்று ஓடுகிறது, ஆகவே எல்லா நகலும் ஒரே திசையில் நின்று கைகோக்கின்றன. 200-க்கு இரண்டு சுற்று, 300-க்கு மூன்று. ஊஞ்சல் முன்னால் வரும் ஒவ்வொரு முறையும் தள்ளினால் அது ஏறிக்கொண்டே போகிறது, கொஞ்சம் தாளம் தப்பித் தள்ளினால் நாமே அதை நிறுத்திவிடுகிறோம். அதே கதைதான். நூறின் மடங்குகள் மட்டும் மிஞ்சுகின்றன, மற்றதெல்லாம் அழிகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, மிஞ்சியவற்றின் உயரம். 700 ஹெர்ட்ஸில் இப்போது இருக்கும் உயரம், ஒற்றைத் தட்டுக்கு 700-இல் எவ்வளவு உயரம் இருந்ததோ அதற்கு நேர் விகிதம். அந்த மலைத்தொடர் காணாமல் போகவில்லை. அதன்மேல் நூறு ஹெர்ட்ஸுக்கு ஒரு கம்பம் நட்டு, கம்பம் நின்ற இடத்து உயரத்தை மட்டும் குறித்துக்கொண்டு, மற்றதைத் துடைத்துவிட்டாற்போல் ஆகிறது. நேரத்தில் ஒன்றைத் திரும்பத் திரும்ப வைத்தோம். அதிர்வெண்ணில் அது மாதிரி எடுத்தலாகிவிட்டது. ஒரே செயலை நேரத்தின் பக்கம் நின்று பார்த்தால் நகலெடுப்பு, அதிர்வெண்ணின் பக்கம் நின்று பார்த்தால் மாதிரி எடுப்பு.

இரண்டையும் சேர்த்துப் பிடிக்கப் பொறியாளர்கள் வைத்திருக்கும் கருவி ஒரு சீப்பு. அகலமே இல்லாத கூர்மையான துடிப்புகளை T நொடி இடைவெளியில் முடிவில்லாமல் அடுக்கினால் சீப்பின் பற்கள் மாதிரி இருக்கும். இதன் நிறமாலையும் ஒரு சீப்புதான், அதன் பல் இடைவெளி 1/T. நேரத்தில் பற்கள் நெருங்கினால் அதிர்வெண்ணில் விலகும். 10 மில்லிநொடிச் சீப்புக்கு 100 ஹெர்ட்ஸ் சீப்பு, 2 மில்லிநொடிச் சீப்புக்கு 500 ஹெர்ட்ஸ் சீப்பு. டொக்கை நேரச்சீப்பின் ஒவ்வொரு பல்லிலும் ஒட்டவைப்பதும், டொக்கின் நிறமாலையை அதிர்வெண் சீப்பால் பெருக்குவதும் ஒன்றே.

அகலமில்லாத துடிப்புக்கு இயற்பியலாளர் டிராக்கின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் இந்த இரட்டைத் தன்மைக்கு எளிமையான குறியீடு தந்தவர் ரேடார் ஆராய்ச்சியில் இருந்த ஆங்கிலேயர் பிலிப் உட்வர்ட். 1953-இல் வந்த தன் சிறு நூலில், திரும்ப வைப்பதற்கு ஒரு குறி, சீப்பால் மாதிரி எடுப்பதற்கு ஒரு குறி என இரண்டை மட்டும் வைத்து, ஒன்றின் நிறமாலை மற்றொன்று என்று ஒரே வரியில் எழுதினார். பிறகு வந்த பிரேஸ்வெல் சீப்புக்கு ரஷ்ய 'ஷா' எழுத்தையே குறியாக்கினார். அடியில் ஒரு கிடைக்கோடு, அதன்மேல் மூன்று நேர்கோடுகள். பார்த்தாலே சீப்பு.

இப்போது அண்ணன் மகளிடம் திரும்புவோம். ஐந்து கட்டை என்றால் அவளுடைய மத்திய ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ். கம்பங்கள் 196, 392, 588, 784 என்று நிற்கின்றன. ஊகாரத்தின் முதல் மேடு 370-இல். பக்கத்திலேயே 392-இல் ஒரு கம்பம் நிற்கிறது, இரு புறமும் 196-லும் 588-லும் கம்பங்கள். நடுவில் உயரம், பக்கங்களில் தாழ்வு என்று மூன்று புள்ளி கிடைத்தால் மேடு எங்கே என்று காது ஊகித்துவிடும். ஓகாரமென்றால் 392-லும் 588-லும் இருக்கும் உயரங்கள் ஒன்றையொன்று நெருங்கும். வித்தியாசம் துலக்கமாகத் தெரியும்.

தார ஸ்தாயி பஞ்சமம் 588 ஹெர்ட்ஸ். முதல் கம்பமே அங்கேதான். அடுத்தது 1176, பிறகு 1764. ஊகாரத்தின் 370-உம் ஓகாரத்தின் 500-உம் முதல் கம்பத்துக்குக் கீழே கிடக்கின்றன. அந்த மேடுகளின் உச்சியில் ஒரு கம்பமும் இல்லை. இரண்டு எழுத்துக்குமே 588-இல் இருப்பது மேட்டின் மறுபக்கச் சரிவுதான். சரிவில் ஒரே ஒரு புள்ளியை அளந்தால், அது தொலைவில் உள்ள பெரிய மேட்டின் சரிவா, பக்கத்தில் உள்ள சிறிய மேட்டின் சரிவா என்று எப்படிச் சொல்வது? அவள் சற்று உரக்கப் பாடியிருந்தால் ஊகாரத்தின் 588-ஐ நான் ஓகாரத்தின் 588 என்று எடுத்துக்கொண்டிருப்பேன். எடுத்துக்கொண்டேன் என்பதற்கு என் காகிதமே சாட்சி.

ஈகாரமும் ஆகாரமும் அந்தப் பஞ்சமத்தில் அவ்வளவு எளிதில் குழம்புவதில்லை. ஈகாரத்தின் இரண்டாவது மேடு 2790-இல் உயரே நிற்பதால் 2940-இல் நிற்கும் ஐந்தாவது கம்பம் அதைத் தொட்டுவிடுகிறது. மேற்கத்திய சோப்ரானோக்கள் ஏறும் 1047 ஹெர்ட்ஸுக்குப் போனால் கம்பங்கள் இன்னும் அருகிவிடும். அங்கே கிட்டத்தட்ட எல்லா உயிரும் ஒரே நிறமாகிவிடுகிறது.

இவ்வளவும் அதிர்வெண் பக்கத்துக் கதை. இதே இழப்பை நேரத்தின் பக்கம் நின்றும் பார்க்க முடியும், அதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம்.

சுண்டிய டொக் உடனே அடங்குவதில்லை. முதல் மேட்டின் முழக்கம் ஏறத்தாழ 5 மில்லிநொடியில் மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. நூறு ஹெர்ட்ஸ் ஆண்குரலில் அடுத்த தட்டு 10 மில்லிநொடி கழித்துத்தான் வரும். அதற்குள் முந்தைய முழக்கம் ஏழில் ஒரு பங்குக்கு இறங்கியிருக்கும். ஒவ்வொரு டொக்கும் ஏறக்குறைய முழுதாக, தனித்தனியாக ஒலிக்கிறது. அண்ணன் மகளின் மேல் பஞ்சமத்தில் தட்டுக்கும் தட்டுக்கும் 1.7 மில்லிநொடிதான் இடைவெளி. முந்தைய முழக்கத்தில் பத்தில் ஏழு பங்கு அப்படியே இருக்கும்போது அடுத்தது மேலே வந்து விழுகிறது. அதற்கு மேல் இன்னொன்று. எந்த நேரத்திலும் நான்கைந்து டொக்குகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன.

படிந்தால் என்ன தொலைகிறது என்பதை ஐந்தே எண்களில் காட்டிவிடலாம். ஒரு டொக்கின் காற்றழுத்தத்தை அடுத்தடுத்து ஐந்து கணங்களில் அளந்தோம், 5, 3, 1, -2, 1 என்று வந்தது, பிறகு பூச்சியம் என்று கொள்வோம். இதை எட்டுக் கணத்துக்கு ஒருமுறை திரும்ப வைத்தால் தொடர் இப்படி ஓடும்: 5, 3, 1, -2, 1, 0, 0, 0, 5, 3, 1, -2… நடுவில் பூச்சியங்கள் இருக்கின்றன. எங்கே வெட்டினால் ஒரு முழு டொக் கிடைக்கும் என்பது கண்ணுக்கே தெரிகிறது. நான்கு கணத்துக்கு ஒருமுறை வைத்தால், ஒவ்வொரு டொக்கின் ஐந்தாவது எண்ணும் அடுத்ததன் முதல் எண்ணின்மேல் விழுகிறது. 5-உம் 1-உம் கூடி 6. தொடர் 6, 3, 1, -2, 6, 3, 1, -2 என்று ஓடும்.

இந்தத் தொடரை மட்டும் ஒருவர் கையில் கொடுத்து மூல டொக் எது என்று கேளுங்கள். 5, 3, 1, -2, 1 ஆக இருக்கலாம். வெறும் 6, 3, 1, -2 ஆகவும் இருக்கலாம். 2, 3, 1, -2, 4 ஆகவும் இருக்கலாம். மூன்றும் ஒரே தொடரைத்தான் தருகின்றன. அதிர்வெண் பக்கம் போய்ப் பார்த்தால், இந்த மூன்றின் மலைத்தொடர்களும் வேறு வேறாக இருந்தும், கம்பம் நிற்கும் இடங்களில் மட்டும் அச்சு அசலாக ஒரே உயரத்தில் நிற்கும். கம்பங்களுக்கு நடுவே உள்ள வேறுபாட்டைப் பார்க்க அங்கே ஆள் இல்லை. நேரத்தில் படிவதும் அதிர்வெண்ணில் கம்பம் அருகுவதும் இரண்டு நோய்கள் அல்ல. ஒரே நோயை இரண்டு ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம்.

இதிலிருந்து எல்லையும் கிடைத்துவிடுகிறது. டொக்கின் நீளம் தட்டுகளின் இடைவெளிக்குள் அடங்கினால் கம்ப உயரங்களிலிருந்து முழு மலைத்தொடரையும் மீட்கலாம், அடங்காவிட்டால் முடியாது. பொறியியல் படித்தவர்களுக்கு இது பழகிய முகமாகத் தெரியும். நேரத்தையும் அதிர்வெண்ணையும் இடம் மாற்றிப் போடுங்கள். குரலை நொடிக்கு 8000 முறை அளக்கும் தொலைபேசியில், நேரத்தில் மாதிரி எடுக்கிறோம், ஆகவே நிறமாலை 8000 ஹெர்ட்ஸுக்கு ஒருமுறை நகலாகிறது. நகல்கள் படியாமலிருக்க 4000-க்கு மேலே உள்ளதை முன்கூட்டியே வடிகட்ட வேண்டும். வடிகட்டாமல் விட்டால் 5000 ஹெர்ட்ஸ் ஒலி 3000 என்று பொய் சொல்லும். பாட்டில் நேரத்தில் விழுந்த படிவு இங்கே அதிர்வெண்ணில் விழுகிறது, அவ்வளவுதான்.

இதையெல்லாம் நம்பித்தான் ஆக வேண்டும் என்பதில்லை, வீட்டுக் கணினியிலேயே பார்க்கலாம். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான Praat என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. மொழியியல் மாணவர்கள் தினமும் புழங்குவது. முதலில் என் குரலை, தாழ்ந்த சுருதியில் 'ஆ' என்று பதிவு செய்து திறந்தேன். அதன் ஒலிப்படத்தில் குறுக்கே நேரம், மேலே அதிர்வெண். அமைப்பில் Window length (s) என்ற இடத்தில் 0.005 என்று இருக்கும், அதாவது ஒரு பார்வைக்கு 5 மில்லிநொடி. படத்தில் செங்குத்துக் கோடுகள் வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொன்றும் குரல்நாணின் ஒரு தட்டு. நேரச்சீப்பு கண்ணெதிரே. அந்த எண்ணை 0.03 என்று மாற்றினேன். ஒரே பார்வையில் இப்போது மூன்று நான்கு தட்டுகள் அடங்குகின்றன. செங்குத்துக் கோடுகள் மறைந்து, சம இடைவெளியில் படுக்கைக் கோடுகள் தோன்றின. அதிர்வெண் சீப்பு. ஒலி மாறவில்லை, பதிவு மாறவில்லை, பார்க்கும் நீளத்தை மட்டும் மாற்றினேன்.

அந்தப் படுக்கைக் கோடுகள் கத்திக்கூர்மையாக இல்லை, கொஞ்சம் தடித்திருந்தன. அதற்கும் காரணம் உண்டு. 105 ஹெர்ட்ஸை அழிக்க இருபது நகல்கள் தேவைப்பட்டன. 101 ஹெர்ட்ஸ் ஒரு தட்டுக்கு நூறில் ஒரு சுற்றுத்தான் தப்புகிறது, அதை அழிக்க நூறு தட்டு வேண்டும், அதாவது ஒரு முழு நொடி. குறைந்த நேரமே பார்த்தால் பக்கத்து அதிர்வெண்கள் சாக நேரமில்லை. முடிவில்லாத சீப்புக்கு மட்டும்தான் பற்கள் அகலமின்றி இருக்கும். மனிதக் குரலின் தட்டுகள் வேறு ஒன்றுபோல் ஒன்று வருவதில்லை, இடைவெளி நூலிழை முன்பின்னாக இருக்கும். அதுவும் பற்களைத் தடிக்கவைக்கிறது, மேலே போகப்போக இன்னும் அதிகமாக.

பிறகு அண்ணன் மகளின் மேல் பஞ்சமப் பதிவை வைத்தேன். 0.005-லேயே படுக்கைக் கோடுகள்தான் வந்தன. 5 மில்லிநொடிக்குள்ளேயே மூன்று தட்டு விழுந்துவிடுவதால் அவளுடைய தட்டுகளை அந்தப் பார்வை தனித்தனியாகப் பிரிக்கவில்லை.

இந்த மென்பொருள் மேடுகளின் இடத்தைச் சிவப்புப் புள்ளிகளால் தானே குறித்துக் காட்டவும் செய்யும். அங்கே ஒரு பொறி இருக்கிறது. உயர்ந்த சுருதியில் அது மேட்டைக் கண்டுபிடிக்க முடியாமல் கம்பத்தின் உச்சியையே மேடு என்று குறித்துவிடும். ஊகாரத்துக்கு முதல் மேடு 588-க்கு அருகே என்று சிவப்புப் புள்ளி சொன்னால் நம்பிவிடக் கூடாது. சரிபார்க்க ஒரு வழி உண்டு. வாயை அசைக்காமல் சுருதியை மட்டும் மெல்ல ஏற்றி இறக்கிப் பாடச் சொல்லுங்கள். புள்ளிகள் சுருதியோடு சேர்ந்து ஏறி இறங்கினால் அவை கம்பங்கள். சுருதி எங்கே போனாலும் அவை இருந்த இடத்தில் நின்றால் மேடுகள். அந்த ஏற்ற இறக்கத்தில் இன்னொரு லாபமும் கிடைக்கிறது. கம்பம் நகரும்போது, இதுவரை யாரும் பார்க்காத இடைவெளிகளை அது வழிநெடுகத் தொட்டு அளந்துகொண்டே போகிறது. கீழேயிருந்து மெல்ல ஏறி வந்தால் 370-ஐக் கடக்கும் கணத்தில் ஒலி கொழுத்து எழுவதைக் காணலாம்.

இந்தக் கொழுப்பைத்தான் பாடகர்கள் தேடிப் போகிறார்கள். மேடு முதல் கம்பத்துக்குக் கீழே கிடந்தால் எழுத்து மட்டுமல்ல, ஒலிவலிமையும் வீணாகிறது. சுவீடன் ஆய்வாளர் யோஹன் சுண்ட்பெரி, சோப்ரானோக்கள் உயரே போகப்போகத் தாடையை இறக்கி, முதல் மேட்டைச் சுருதியின் அருகே தூக்கிக்கொள்கிறார்கள் என்று 1970-களில் காட்டினார். கம்பம் மேட்டிடம் வர முடியாது, சுருதியை மாற்ற முடியாதல்லவா? அதனால் மேடு கம்பத்திடம் வருகிறது. ஒலி பெருகும், ஆனால் எழுத்து தன் இடத்தை விட்டு நகர்ந்துவிடும்.

அண்ணன் மகளின் டீச்சர் மேலே போகும்போதெல்லாம் "வாயைத் திற, வாயைத் திற" என்பார். அடுத்த நாள் அவளைத் தார ஸ்தாயி பஞ்சமத்தில் மறுபடி 'ஊ' பாடச் சொன்னேன், முதலில் உதட்டைக் குவித்து, பிறகு டீச்சர் சொல்வதுபோல் தாடையை இறக்கி. இரண்டாவதில் குரல் கூடத்தை நிறைத்தது. திரையில் 588-இன் கோடு நன்றாகக் கறுத்திருந்தது. அவளுடைய வாய் அப்போது ஓகாரத்தையும் தாண்டித் திறந்திருந்தது.

"இப்ப நான் என்ன எழுத்து பாடினேன், சொல்லுங்க சித்தப்பா" என்றாள்.

"நீதான் சொல்லேன்" என்றேன்.

"ஊ-தான் நினைச்சுப் பாடினேன்" என்றாள்.